Melody3.mid: பெயரில்லாத ஒரு ரிங்டோனின் மெட்டைக் கண்டுபிடித்த கதை

மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த அக்கா மேசைமேல் வைத்த போன், பாலிபோனிக் ரிங்டோன் புதுசாக வந்த காலத்து மாடல். அவருடைய அப்பா வைத்திருந்தது. அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, போன் அலமாரியில் கிடந்திருக்கிறது. "தம்பி, இதுல அப்பா ஒரு ரிங்டோன் வச்சிருந்தாரு. எங்க வீட்ல எல்லாருக்கும் அது காதுலயே இருக்கு, ஆனா என்ன பாட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியல. சத்தத்தை எடுத்துக் குடுத்து, அது என்னன்னும் சொல்ல முடியுமா?" இதுதான் அவர் கேட்டது.

திருப்பாதிரிப்புலியூரில் போன் பழுது பார்க்கிற எனக்கு முதல் பாதி தொழில். இரண்டாவது பாதிக்கு மூன்று வாரம் பிடித்தது. கோப்பு கைக்கு வந்த பிறகும் மெட்டு பிடிபடாமல் போனதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருந்தது. இதே மாதிரி பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு அந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கோப்பை வெளியே எடுத்தது

பேட்டரி உப்பியிருந்தது. அதே அளவு நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டதும் போன் எழுந்துவிட்டது. ஆனால் ரிங்டோனைத் தேர்ந்தெடுத்தால் திரையில் பெயர் ஓடுகிறதே தவிர சத்தம் இல்லை. பின்பக்கம் கழற்றிப் பார்த்தால், ஸ்பீக்கரின் ஸ்பிரிங் தொடும் இடத்தில் போர்டின் செம்புத் தடமே அரித்துப் பச்சையாகிக் கிடந்தது. கடலூரில் பழைய போன்களைத் திறந்தால் இது அடிக்கடி கண்ணில் படும், உப்புக்காற்று வேலை. தடத்தை மீட்க முயன்றேன், முடியவில்லை. ஆகவே அந்தப் போன் வாயிலிருந்தே மெட்டைக் கேட்கிற வழி அடைபட்டுவிட்டது. இது பின்னால் பெரிய விஷயமாக ஆகும் என்று அப்போது நினைக்கவில்லை.

கேலரியில் `Melody3.mid` என்று ஒரே ஒரு கோப்பு. அதற்கு 'அனுப்பு' என்ற வசதி வேலை செய்தது. போனோடு வரும் டோன்களும், காசு கொடுத்து இறக்கியவற்றில் பலவும் வெளியே அனுப்ப முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். இது போகிறது என்றால், யாரோ இன்னொரு போனிலிருந்து அனுப்பியதாகவோ கடையில் ஏற்றிக்கொடுத்ததாகவோ இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தப் போனில் புளூடூத் கிடையாது, அகச்சிவப்பு மட்டும்தான். இன்றைய கணினி எதிலும் அது இல்லை. இதற்கு நான் வைத்திருக்கும் வழி, அகச்சிவப்பும் புளூடூத்தும் இரண்டுமே உள்ள, அதற்கு அடுத்த தலைமுறைப் போன் ஒன்றைப் பாலமாக வைப்பது. இரண்டு போன்களையும் ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிராக வைத்து முதலில் அதற்கு அனுப்பினேன், அங்கிருந்து புளூடூத்தில் கணினிக்கு. 2914 பைட். பழைய போனின் விவரப் பக்கத்திலும் அதே அளவு காட்டியது, ஆக முழுதாக வந்திருக்கிறது. தேதி மட்டும் பயன்படாது. பேட்டரி இல்லாமல் கிடந்த போனின் கடிகாரம் எப்போதோ விழுந்துவிட்டது, பாலமாக வைத்த போன் இன்றைய தேதியைப் போட்டுவிட்டது.

முதல் வாரம்: எல்லாரும் தவறாகக் கேட்டோம்

கணினியில் போட்டுப் பார்த்தேன். பதினாறு நொடி ஓடி மறுபடி தொடங்குகிற துண்டு. கீழே டிரம்ஸ், மேலே நீளமாக இழுக்கும் வயலின் கூட்டம், நடுவில் வேகமாக ஏதோ ஓடுகிறது. அக்காவுக்கு அனுப்பினேன். அவர் சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது: "இது மாதிரியும் இருக்கு, இது இல்லாத மாதிரியும் இருக்கு தம்பி. அப்பா போன்ல மேளம் எல்லாம் இல்ல."

நினைவு மங்கியிருக்கும் என்று நினைத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் தவறு.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி எதுவும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் எளிது. அந்த வகைச் செயலிகள் ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவின் தடயத்தைத்தான் ஒப்பிடுகின்றன, எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்கிற புள்ளிக்கோலத்தை. மிடி கோப்பில் ஒலிப்பதிவே கிடையாது. "இந்தச் சுரத்தை இந்த நேரத்தில் இந்த வாத்தியத்தில் வாசி" என்ற கட்டளைகள் மட்டும் இருக்கும், சத்தத்தை வாசிக்கிற கருவி தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒரே கோப்பு இரண்டு கருவிகளில் இரண்டு விதமாக ஒலிக்கும். ஒப்பிடுவதற்கு மூலப்பதிவு என்று ஒன்று இல்லாத இடத்தில் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மனிதர்களிடம் போனேன். மஞ்சக்குப்பத்தில் கீபோர்டு சொல்லித்தரும் வாத்தியார் கேட்டுவிட்டு, "கீரவாணி ராகம். ஏதோ சினிமாப் பாட்டோட இன்டர்லூட்" என்றார். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டுச் சொன்னார்கள். சொன்னவற்றை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் அந்த இழுக்கும் வயலின் சாயல் கொஞ்சம் இருந்தது, எதுவும் பொருந்தவில்லை. எல்லாரும் மேலே ஒலித்த வயலினைத்தான் மெட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

கோப்பைத் திறந்து படித்தது

இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கோப்பானாலும் அதன் முதல் சில பைட்களைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் `.mid` போன்ற வால்பெயர் பொய் சொல்லலாம். `MThd` என்று தொடங்கினால் மிடி. `MMMD` என்றால் யமஹாவின் சிப்புக்கான வேறு வடிவம், அதை மிடி என்று நினைத்துத் திறந்தால் திறக்காது. `BEGIN:IMELODY` என்றால் அது ஒரே குரல் மட்டும் உள்ள வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே படித்துவிடலாம். இது மிடியேதான்:

```
4D 54 68 64 00 00 00 06 00 00 00 01 00 F0
4D 54 72 6B 00 00 0B 4C
00 FF 03 05 54 6F 6E 65 33
00 FF 51 03 07 A1 20
00 F0 0D 7F 7F 0B 01 00 02 01 04 09 06 02 0A F7
```

முதல் வரி தலைப்பு. அதன் கடைசி `00 F0` என்பது 240, அதாவது ஒரு தாளத் தட்டுக்கு 240 நுண்பகுதிகள். இரண்டாவது வரி, பின்னால் வரும் தடத்தின், அதாவது கட்டளைகள் அடங்கிய பகுதியின் நீளம். மூன்றாவதில் `FF 03` என்பது தடத்தின் பெயர். மெட்டின் பெயர் எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்றால் பெரும்பாலும் இங்கேதான், அல்லது காப்புரிமைக் குறிப்பான `FF 02` வில். கோப்பின் பெயரை யாரும் எளிதாக மாற்றிவிடலாம், உள்ளே இருப்பதை மாற்ற மெனக்கெட மாட்டார்கள் என்பதால் இது பார்க்கத் தகுந்த இடம். இதில் இருந்த ஐந்து எழுத்து `Tone3`. காப்புரிமைக் குறிப்பே இல்லை. ஆக உள்ளேயும் பெயர் கிடையாது. நான்காவது வரி வேகம், ஒரு தட்டுக்கு 5,00,000 மைக்ரோநொடி, நிமிடத்துக்கு 120 தட்டு.

ஐந்தாவது வரியில்தான் நின்றேன். கணினிக்கான மிடிகளில் இதைப் பார்க்க முடியாது, போனுக்கென்று செய்தவற்றில் இருக்கும். அந்தக் காலத்துப் போன் ஒன்றில் ஒரே நேரத்தில் 4 சுரம்தான் ஒலிக்கும், இன்னொன்றில் 16, வேறொன்றில் 24. ஒரே கோப்பு எல்லாவற்றிலும் கேட்கும்படி இருக்க வேண்டும். அதற்காக, வாத்தியத்துக்கு ஒன்றாகப் பிரித்த சேனல்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றோடும் "இதுவரைக்கும் வாசிக்க ஒரே நேரத்தில் இத்தனை சுரம், அதாவது இத்தனை குரல் வேண்டும்" என்ற எண்ணையும் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். `7F 7F 0B 01` என்பது அந்த அட்டவணையின் அடையாளம். அதற்குப் பின்னால் இரண்டிரண்டாகப் படிக்க வேண்டும்:

```
00 02   சேனல் 0, மொத்தம் 2 குரல்
01 04   சேனல் 1, மொத்தம் 4 குரல்
09 06   சேனல் 9, மொத்தம் 6 குரல்
02 0A   சேனல் 2, மொத்தம் 10 குரல்
```

சேனல் 9 என்பது டிரம்ஸ் (பூச்சியத்திலிருந்து எண்ணினால் 9, ஒன்றிலிருந்து எண்ணினால் 10). போனின் குரல் எண்ணிக்கை அட்டவணையில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால், அந்தச் சேனலைப் போன் முழுசாக வாயடைத்துவிடும், அரைகுறையாக வாசிக்காது.

அந்த மாடலின் விவரக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நான்கு குரல் போன்.

அப்படியானால் அக்காவின் அப்பா போனில் சேனல் 0, சேனல் 1 இரண்டு மட்டும்தான் ஒலித்திருக்கும். டிரம்ஸுக்கு ஆறு வேண்டும், வாயடைப்பு. அந்த இழுக்கும் வயலின் சேனல் 2, அதற்குப் பத்து வேண்டும், அதுவும் வாயடைப்பு. அந்தக் குடும்பத்தில் யாருமே அந்த வயலினைக் கேட்டதே கிடையாது. கணினி மட்டும் பத்தையும் சேர்த்து வாசித்து, வீட்டில் ஒருபோதும் ஒலிக்காத ஒன்றை முன்னே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. "அப்பா போன்ல மேளம் எல்லாம் இல்ல" என்று அக்கா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

நான் முதல் வாரத்தில் செய்ததை இப்படியும் சொல்லலாம். ஒவ்வொரு கணத்திலும் மிக உயரமான சுரம் எதுவோ அதையே மெட்டு என்று எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் மெட்டை மேலே வைப்பதுதான் வழக்கம். இங்கே மெட்டுக்கு மேலே ஒரு அலங்காரத்தை வைத்திருந்தார்கள், அதனால் தோற்றுப்போனது. போனுக்கான மிடியில் உயரத்தை நம்புவதைவிட, அட்டவணையில் எது முதலில் இருக்கிறது என்று பார்ப்பது மேல். கோப்பைச் செய்தவரே "மற்றதெல்லாம் போனாலும் இது போகக்கூடாது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வரிசை அது.

வீட்டில் வைத்த சோதனை

ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. எல்லாப் போனும் அந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. சிலது அதைப் பார்க்காமல், குரல் தீர்ந்ததும் பழைய சுரத்தை வெட்டிவிட்டுப் புதியதை வாசிக்கும். இந்தப் போனின் ஸ்பீக்கர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் மூன்று நகல் செய்தேன். ஒன்று முழுக் கோப்பு, ஒன்றில் சேனல் 0, 1 மட்டும், ஒன்றில் சேனல் 2 மட்டும். எது எது என்று சொல்லாமல் வேறொரு வரிசையில் அக்காவிடம் கொடுத்து, அவருடைய அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா இரண்டு சேனல் நகலைக் கேட்டதும், "இதுதான். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து அடிப்பாங்களே, அப்ப கேக்கும்" என்றாராம். முழுக் கோப்பைப் போட்டபோது "இது வேற யாரோடதோ" என்றிருக்கிறார். ஒருவருடைய நினைவு மட்டுமே சாட்சி என்றாலும், அட்டவணை சொன்னதும் அம்மா சொன்னதும் ஒன்றாக இருந்தது.

சுரமாக எழுதியது

அப்புறம் சேனல் 0-வை எழுத்தாக மாற்றினேன். `midicsv` என்ற சின்ன நிரல் மிடியை வரிவரியாக எழுதிக் கொடுக்கும்:

```
midicsv Melody3.mid melody3.csv
```

சுரம் நிற்கும் வரிகளை விட்டுவிட்டு, தொடங்கும் வரிகளை மட்டும் தந்தால் ஆரம்பம் இப்படி:

```
1, 0, Program_c, 0, 73
1, 0, Note_on_c, 0, 81, 100
1, 120, Note_on_c, 0, 84, 92
1, 180, Note_on_c, 0, 81, 92
1, 240, Note_on_c, 0, 76, 100
1, 360, Note_on_c, 0, 81, 92
1, 420, Note_on_c, 0, 76, 92
1, 480, Note_on_c, 0, 72, 100
1, 600, Note_on_c, 0, 76, 92
1, 660, Note_on_c, 0, 72, 92
1, 720, Note_on_c, 0, 69, 100
```

இரண்டாவது எண் நேரம், கடைசிக்கு முந்தியது சுரத்தின் எண். முதல் வரியின் 73 வாத்தியம். இங்கே பலர் வழுக்குவார்கள். அச்சில் இருக்கும் வாத்தியப் பட்டியல் 1-லிருந்து தொடங்கும், கோப்பு 0-விலிருந்து எண்ணும். பட்டியலில் 73-ஐப் பார்த்தால் பிக்கோலோ என்று இருக்கும், உண்மையில் பார்க்க வேண்டியது 74, புல்லாங்குழல். ஒன்றைக் கூட்ட மறந்தால் தவறான வாத்தியத்தின் பின்னால் போய்விடுவோம்.

81, 84 என்ற எண்களை அப்படியே தேடிப் பயனில்லை. ரிங்டோன் செய்பவர்கள் சின்ன ஸ்பீக்கருக்கு ஏற்றபடி சுருதியை ஏற்றி இறக்கிவிடுவார்கள். எண்களுக்கு இடையே உள்ள தூரம்தான் மாறாதது. நமக்கு அது கஷ்டமான காரியமே இல்லை, ஆதார ஷட்ஜத்தைப் பிடித்துச் சுரமாக எழுதிவிட்டால் சுருதி தானாகக் கழன்றுகொள்ளும். முதல் அடி 69-இல் வந்து அமர்கிறது, சேனல் 1-இன் அடிக்குரலும் அந்த இடத்தில் அதே சுரத்தின் கீழ் ஸ்தாயியில் நிற்கிறது. ஆக 69 ஷட்ஜம். வாத்தியாரிடம் எண்களைக் கொண்டுபோனேன், அவர் வெற்றிலைப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். முதல் அடி:

ச க ச, ப ச ப, க ப க, ச

மூன்று படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் முதல் சுரம் இரட்டை நீளம் (120), அடுத்த இரண்டும் பாதிப் பாதி (60). இதற்கு அடுத்த அடி விடாத ஓட்டம்:

ப ச க ச ரி ச ரி ச நி ரி ம ரி க ச

சின்ன காந்தாரம், காகலி நிஷாதம். "கீரவாணின்னு நான் சொன்னது தப்பில்லையே" என்றார். இந்த இடம் வரை தப்பில்லைதான். ஆனால் நான் கடைசி நான்கு நொடியின் எண்களையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அங்கே 63, 66, 75, 78 என்ற எண்கள் புதிதாக வருகின்றன. ஷட்ஜம் 69 என்றால் அவை பிரதி மத்யமமும் சதுச்ருதி தைவதமும். கீரவாணியில் இரண்டுக்கும் இடமில்லை. துண்டு முடிவது பஞ்சமத்தில். வாத்தியார் கொஞ்ச நேரம் வாயசைத்துப் பாடிப் பார்த்தார். "பஞ்சமத்தையே ஷட்ஜமா வச்சு, மறுபடியும் அதே கீரவாணியைப் பாடுறான். நம்மாளு இல்ல இது. மேற்கத்தியக்காரன் பண்ற வேலை" என்றார். அவர் சொன்னதற்கு மேற்கத்திய இசையில் மாடுலேஷன் என்று பெயர், ஆதாரத்தையே நடுவழியில் இடம் மாற்றிக்கொள்வது.

இன்னொன்றும் அவர் சொன்னார், எனக்கு அது முக்கியமாகப் பட்டது. பதினாறு நொடியில் நூற்றுக்கும் மேல் சுரம், நடுவில் மூச்சு விட இடமே இல்லை. இது வாயால் பாடுவதற்குப் போட்ட மெட்டு இல்லை, வாத்தியத்துக்கு என்றே எழுதியது. இனிமேல் பாட்டு வரிகளைத் தேடி அலைய வேண்டாம் என்று ஆயிற்று.

புதுச்சேரியில்

என் நண்பர் ஒருவர் புதுச்சேரியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் பார்லோ, மார்கன்ஸ்டர்ன் என்ற இருவர் தொகுத்து 1948-இல் வெளிவந்த கருப்பொருள் அகராதி இருக்கிறது. பாடல்களை விட்டுவிட்டு வாத்திய இசைக்கென்றே செய்தது, சுமார் பத்தாயிரம் மெட்டுகளின் தொடக்கம் அதில் உண்டு. அதன் பின்பகுதியில்தான் விசேஷம். எந்த மெட்டாக இருந்தாலும் அதை 'சி' என்ற சுருதிக்கு மாற்றி, சுரங்களின் எழுத்தை அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். மெட்டுத் தெரியும், பெயர் தெரியாது என்பவர்களுக்காகவே செய்த அட்டவணை. நாம் ச-வில் எழுதுவதை அவர்கள் 'சி'-யில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் தாளில் இருந்த "ச க ச ப ச ப க" அங்கே "சி, ஈ ஃப்ளாட், சி, ஜி, சி, ஜி, ஈ ஃப்ளாட்" ஆயிற்று.

அவர் அட்டவணையை விரலால் தடவிக்கொண்டே போனார். அந்த வரிசைக்கு வந்து, எண்ணைப் பார்த்து, முன்பக்கம் திருப்பியதுமே சிரித்துவிட்டார். "இதை நான் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். நீங்க சுரமா எழுதிக் கொண்டாந்ததால எனக்குக் கேக்கல" என்று சொல்லி வயலினை எடுத்து வாசித்தார்.

யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய இரண்டாவது ஆர்கெஸ்ட்ரா தொகுப்பு, அவருடைய படைப்புப் பட்டியலில் எண் 1067. ஏழு பகுதிகள் கொண்டது. அதன் கடைசிப் பகுதி 'பாதினெரி'. பாக் 1750-இல் இறந்தவர், ஆக மெட்டுக்குக் குறைந்தது இருநூற்று எழுபது வயது. தந்தி வாத்தியங்களுக்கு நடுவே தனியாக ஓடுவது புல்லாங்குழல். கோப்பில் இருந்த 73 சும்மா போட்டதல்ல. பாதினெரி என்றால் பிரெஞ்சில் என்ன என்று நண்பரின் மனைவியைக் கேட்டேன், அவர் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. "விளையாட்டுப் பேச்சு, சீண்டல். குழந்தைங்க ஒண்ணை ஒண்ணு சீண்டி ஓடுமே, அந்த மாதிரி" என்றார்.

முதல் பத்துச் சுரம் போதாது

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தாததற்குக் காரணம், ச-ப-க-ச என்று மைனர் என்கிற மேற்கத்தியச் சுரவரிசையில் படிப்படியாக இறங்குகிற தொடக்கம் ஒன்றும் அபூர்வம் இல்லை. அப்படித் தொடங்கி வேறு எங்கோ போகிற மெட்டுகள் இருக்கத்தான் செய்யும். தொடக்கம் பொருந்துவது ஆளைக் காட்டும், ஆள் அவர்தான் என்று உறுதி செய்யாது.

பாக்கின் எழுத்துக்கு உரிமைத் தடை எதுவும் இல்லை, இசைத்தாள் எளிதாகக் கிடைக்கும். புல்லாங்குழல் வரியை நண்பர் வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாக மாற்றிக் கோப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன். மூலம் பி மைனரில் இருக்கிறது, கோப்பு அதற்கு இரண்டு அரைச்சுரம் கீழே ஏ மைனரில். அப்படியானால் மூலத்தின் எண் ஒவ்வொரு இடத்திலும் கோப்பைவிடச் சரியாக 2 அதிகமாக இருக்க வேண்டும். 83-க்கு 81, 86-க்கு 84, இப்படி. வேறு மெட்டாக இருந்தால் இந்த வித்தியாசம் சீக்கிரமே 2-ஐ விட்டு நழுவிச் சிதறிப்போகும்.

சிதறவில்லை. ஓட்டம் முழுக்க 2, 2, 2 என்றே வந்தது. மூலத்தின் முதல் பாதி முடியும்போது ஆதாரம் பஞ்சமத்துக்கு நகர்கிறது, கோப்பிலும் அதே இடத்தில் அதே நகர்வு. வாத்தியார் வாயசைத்துக் கண்டுபிடித்த இடம் அதுதான். மூன்றே மூன்று இடத்தில் எண் மாறியிருந்தது, மூன்றும் கடைசி அமர்வுக்குச் சற்று முன்னால், வாசிப்பவர் சுரத்தை நடுக்கி அலங்கரிக்கும் பகுதியில். போனுக்குச் செய்தவர் அதை நேர்ச்சுரமாகச் சமப்படுத்தியிருக்கிறார். மூலத்தில் டிரம்ஸ் கிடையாது, அந்த இழுக்கும் வயலினும் கிடையாது. இரண்டும் பெரிய போன்களுக்காக மேலே சேர்த்தவை. அதனால்தான் அவற்றை அட்டவணையின் அடியில் வைத்திருக்கிறார்கள்.

சேனல் 1-இன் அடிக்குரலிலும் ஒன்றைக் கவனித்தோம். மூலத்தில் செல்லோ வாசிக்கும் தாழ்ந்த சுரங்களைக் கோப்பில் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் அளவு ஸ்பீக்கரில் அவ்வளவு கீழே போனால் ஒன்றும் கேட்காது, வெறும் கரகரப்புதான் மிஞ்சும். அந்தச் சுரத்தை மட்டும் பார்த்து ஆதாரத்தைத் தேடினால் ஸ்தாயியில் குழம்பலாம், சுரத்தின் பெயரில் குழப்பம் வராது.

அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்ட அடுத்த கேள்வி, "அப்பாவுக்கு இதை யாரு குடுத்தா?" என்பது. கோப்பிலிருந்து அதற்குப் பதில் கிடைக்காது. மெட்டு யாருடையது என்று சுரம் சொல்லிவிட்டது. அதைப் போனுக்கு ஏற்ப அடுக்கியவர் யார், எந்தக் கடையில் அல்லது யார் போனிலிருந்து இவர் போனுக்கு வந்தது என்பதெல்லாம் 2914 பைட்டுக்குள் இல்லை. பூட்டு இல்லாமல் இருந்ததால் வெளியே இருந்து வந்தது என்ற அளவுக்கு மட்டும் சொன்னேன். அப்பாவோடு முதுநகர் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் இன்னும் இருக்கிறாராம், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

மூலக் கோப்பை `Melody3.mid` என்ற பெயரிலேயே, ஒரு பைட்டையும் தொடாமல், அவருடைய பென்டிரைவில் போட்டேன். பக்கத்தில் சேனல் 0, 1 மட்டும் உள்ள நகல். அதற்கு `Bach_1067_Badinerie_ch0-1.mid` என்று பெயர். புதிய போன்கள் அட்டவணையைப் பார்த்தாலும் குரலுக்குப் பஞ்சம் இல்லாததால் நான்கு சேனலையும் வாசித்துவிடும், அதனால் அந்த நகலை ஒலிக்கோப்பாகவும் மாற்றிக் கொடுத்தேன். அக்கா அதை ரிங்டோனாக வைத்துவிட்டு, "ஒரு தடவை அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். முதல் இறக்கம் முடியும் வரை எடுக்கவில்லை, அடுத்த அடியும் முடிந்த பிறகுதான் எடுத்தார்.